மூன்று முறை திரும்பிய பாட்டில்

அந்த ஆஸ்பத்திரியின் லேபில் பத்தொன்பது வருடமாக வேலை பார்த்த டெக்னீஷியனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளப் பட்டியலோடு சரி. மற்றபடி வாட்ச்மேனிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் அவள் ரிட்டர்ன் அக்கா. மூடி லூசாக இருந்தால் ரிட்டர்ன். லேபிளில் வயது இல்லையென்றால் ரிட்டர்ன். ரத்தம் உறைந்திருந்தால், அளவு குறைந்திருந்தால், பாட்டிலின் மேல் கையெழுத்து கோணலாக இருந்தால்கூட ரிட்டர்ன். அதற்கென்றே தனியாக ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்து வைத்திருந்தாள். அதைக் குத்தும்போது மேசை ஒரு முறை அதிரும். அந்தச் சத்தத்தில் அவளுக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

பெண்கள் வார்டின் ஹெட் நர்ஸ் வேறு யாருமில்லை, அக்காவின் நாத்தனார்தான். அண்ணனைக் கட்டிக்கொண்டவள் லேபில், அவருடைய தங்கை வார்டில். இரண்டு பேரும் ஐந்து வாரமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் ஒரு பிரஷர் குக்கர். நாத்தனார் இரவல் வாங்கிப் போனபோது கேஸ்கட்டோடு போன குக்கர், வீடு திரும்பியபோது கேஸ்கட் இல்லாமல் திரும்பியது. அக்கா அதைத் திருப்பி அனுப்பினாள். எனக்கு வந்த மாதிரியேதான் கொடுத்தேன் என்று நாத்தனார் மறுபடி அனுப்பினாள். நடுவில் குக்கரைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் அக்காவின் கணவர். அவர் இப்போதெல்லாம் இரண்டு வீட்டிலும் வாயைத் திறப்பதில்லை.

பேச்சு இல்லையே தவிர எழுத்து இருந்தது. லேபுக்கு வருகிற ஒவ்வொரு படிவத்திலும் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. குடும்பச் சண்டை முழுக்க அந்தக் கட்டத்துக்குள் குடியேறிவிட்டது.

திங்கட்கிழமை வார்டில் ஒரு பஸ் கண்டக்டர் சேர்ந்திருந்தாள். முப்பது வயது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தவளை டிப்போ ஆட்களே ஆட்டோவில் கொண்டுவந்து போட்டார்கள். வலி என்றால் அப்படி ஒரு வலி. ஆனால் டாக்டர் கை வைத்து அமுக்கினால் வயிறு பஞ்சு போல மெத்தென்றிருக்கிறது. ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள், மலச்சிக்கல் மட்டும் தெரிந்தது. ஒன்றுமில்லாத வயிறு இவ்வளவு கத்துமா என்று வார்டில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. அவள் புருஷன் வந்து பார்த்துவிட்டு, "லீவு போடணும்னா வாயால கேட்டிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவளுடைய சிறுநீர் சேர்ந்த அன்றே காலை ஒன்பது மணிக்கு லேபுக்கு வந்தது. லேபில் ஒரு வழக்கம். ரத்தம் கெட்டுவிடும் என்பதால் ரத்த வேலைக்கு முதலிடம். சிறுநீர் பாட்டில்கள் ஜன்னலோரத் தட்டில் வரிசையாக நின்று, பதினொன்றரை வரைக்கும் காத்திருக்க வேண்டும். கிழக்கு ஜன்னல். நல்ல வெயில். பத்தொன்பது வருடமாக அங்கேதான் தட்டு, அதனால் எந்தப் பாட்டிலுக்கும் எதுவும் ஆனதில்லை. பதினொன்றரைக்கு அக்கா கண்டக்டரின் பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். திராட்சை ரசம் மாதிரி கருஞ்சிவப்பு. திறந்துகூடப் பார்க்கவில்லை. ஸ்டாம்பு இறங்கியது. குறிப்புக் கட்டத்தில் எழுதினாள்: ரத்தம் கலந்த மாதிரி, மாதவிலக்கு நாளா என்று கேட்டுவிட்டு மறுபடி அனுப்பவும்.

மறுநாள் இரண்டாவது பாட்டிலோடு பதில் வந்தது: கேட்டாயிற்று, இல்லை. நாங்கள் அனுப்புவது சுத்தமான மஞ்சள்.

பதினொன்றரைக்கு அதுவும் சிவப்பு. அக்கா எழுதினாள்: மஞ்சள் எது சிவப்பு எது என்று வார்டில் யாருக்காவது தெரியுமா?

புதன்கிழமை வந்த பதில்: லேபில் கண் டாக்டர் சிபாரிசு தேவைப்பட்டால் சொல்லவும்.

அன்றும் அதே சிவப்பு, அதே ஸ்டாம்பு. மேசை கொஞ்சம் கூடுதலாகவே அதிர்ந்தது.

வியாழக்கிழமை நான்காவது பாட்டில் வந்தபோது படிவத்தின் மேல் சிவப்பு மையில் அவசரம் என்று எழுதியிருந்தது. நாள்கணக்காக வலி குறையவில்லை, எதனால் என்றும் தெரியவில்லை, அதனால் வயிற்றைத் திறந்தே பார்த்துவிடுவது என்று சர்ஜன் முடிவெடுத்துவிட்டார். மதியம் ஒரு மணிக்கு ஆபரேஷன். சிறுநீர் ரிப்போர்ட் வேண்டும் என்று மயக்க மருந்து டாக்டர் கேட்டிருந்தார். குறிப்புக் கட்டத்தில் நாத்தனார் எழுதியிருந்தாள்: நானே நின்று பிடித்தேன். மஞ்சள். என் பிள்ளைகள் மேல் சத்தியம்.

அவசரமென்றாலும் சிறுநீர் பாட்டில் வழக்கம்போல ஜன்னலோரத் தட்டுக்குத்தான் போனது. அக்கா கண்டக்டரின் ரத்தத்தை முதலில் மெஷினில் போட்டாள். சோடியம் நூற்று இருபத்தைந்து. நன்றாகக் குறைந்திருந்தது. வாந்தியால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அதை உடனே வார்டுக்கு அனுப்பிவிட்டு மற்ற வேலைகளைப் பார்த்தாள். பதினொன்றரைக்கு ஜன்னல் பக்கம் திரும்பினால், நான்காவது பாட்டிலும் சிவந்து நிற்கிறது.

பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணியவள் இன்றைக்கு மாட்டினாள் என்று அக்காவின் மனது குதித்தது. ரிட்டர்ன் பண்ணினால் போதாது, ஆதாரத்தோடு ரிட்டர்ன் பண்ண வேண்டும். ரத்தம் இருக்கிறதா என்று காட்டுகிற பட்டை ஒன்று உண்டு. சிறுநீரில் முக்கினால், ரத்தம் இருந்தால் அதன் மஞ்சள் கட்டம் பச்சையாகும். அந்தப் பச்சைப் பட்டையைப் படிவத்தோடு ஒட்டி அனுப்புவது என்று முடிவு செய்தாள். முக்கினாள். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் காத்திருந்தாள்.

மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

பட்டை பழசு என்று புது டப்பாவைப் பிரித்தாள். மறுபடியும் மஞ்சள். புது டப்பாவும் கெட்டிருக்கும் என்று தன் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைத் தண்ணீரில் கலந்து பட்டையை முக்கினாள். நொடியில் பச்சை. பட்டை மேல் பழி போட வழியில்லை. கடைசியாக மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். சிவப்பணு ஒன்றுகூட இல்லை.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். ரத்தம் இல்லாமல் சிவக்கிறது. வரும்போது மஞ்சள், வெயிலில் நின்றால் சிவப்பு. நாத்தனார் பொய் சொல்லவில்லை. ஐந்து வாரத்தில் முதல்முறையாக அந்த எண்ணம் வந்தது.

பிறகு இன்னொன்று ஞாபகம் வந்தது. டிப்ளமோ படிக்கும்போது அவள் ஒரே ஒரு பேப்பரில்தான் கோட்டை விட்டாள். உடம்பு ஹீம் என்ற பொருளை எப்படித் தயாரிக்கிறது, எட்டுப் படிகளையும் எழுதுக என்ற கேள்வி. ஆறாவதையும் ஏழாவதையும் மாற்றி எழுதி, இரண்டு மார்க்கில் போய்விட்டது. அந்த ரோஷத்தில் எட்டையும் உருப்போட்டாள். இன்றைக்கும் துணி துவைக்கும்போது வாய் தானாகச் சொல்லும். அந்தப் பாடத்தின் கடைசிப் பத்தியில் இருந்தது: எட்டில் ஒரு படி தடைப்பட்டால் போர்ஃபிரியா. சில வகைகளில் தாங்க முடியாத வயிற்றுவலி. சிறுநீர் வெளிச்சத்தில் வைத்தால் கருஞ்சிவப்பாகும்.

மணி பன்னிரண்டு. அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். லேபை விட்டு அவள் வார்டுக்கு வருவதைப் பார்த்த ஆயா வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

நாத்தனார் மருந்து டிராலிக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"நீ சொன்னது சரிதான்," என்றாள் அக்கா.

நாத்தனார் கையில் இருந்த ட்ரேயை மெதுவாக வைத்தாள். "என்ன அண்ணி, உடம்பு சரியில்லையா?"

"மஞ்சளாத்தான் அனுப்பிருக்க. என் ஜன்னல்ல நின்னுதான் செவந்திருக்கு. எனக்கு இப்பவே புதுசா ஒண்ணு வேணும். வெளிச்சமே படக்கூடாது."

"ஒரு மணிக்கு ஆபரேஷன். இப்பப் போய்..."

"அதுக்குத்தான் ஓடி வந்தேன். நான் நெனைக்கிறது சரின்னா அந்தப் பொண்ணு வயித்துல வெட்டிப் பாக்க ஒண்ணுமில்ல. சில மயக்க மருந்து குடுத்தா இன்னும் மோசமாகும்."

நாத்தனாரிடம் ஒரு நல்ல குணம் உண்டு. சண்டையில் எவ்வளவு வேகமோ வேலையிலும் அவ்வளவு வேகம். திரையை இழுத்துவிட்டாள். கண்டக்டரைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தாள். ஐந்தே நிமிடத்தில் பாட்டில் வந்தது. வெளிர் மஞ்சள், யார் பார்த்தாலும் மஞ்சள்.

"எதுல சுத்துறது?" என்று நாத்தனார் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் கண்டக்டரின் அத்தை உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் தங்கை. செடி நர்சரி வைத்திருப்பவள். முழங்கை வரைக்கும் துணிக் கையுறை போட்டிருந்தாள். "ரொட்டி சுத்தின அலுமினியத் தாள் இருக்கு, போதுமா?" என்று பையைத் திறந்தாள். தாளைப் பிரிக்க வசதியாகக் கையுறையைக் கழற்றினாள்.

அக்காவின் கண் அந்தக் கையில் நின்றுவிட்டது. புறங்கை முழுக்கக் கொப்புளம். சில புதுசு, நீர் கோத்து நின்றன. சில உடைந்து பொருக்காகியிருந்தன. பழைய தழும்புகள் வெள்ளையாக அங்கங்கே கிடந்தன. உள்ளங்கை சுத்தமாக இருந்தது.

"இது எத்தன வருஷமா?"

"இதா? இருபது வருஷமாச்சு. ஏதோ செடி ஒத்துக்கல. எந்தச் செடின்னுதான் கண்டுபிடிக்க முடியல. ஒவ்வொண்ணா தொடாம இருந்து பாத்தாச்சு. இனிமே தொடாம இருக்கணும்னா கடையத்தான் மூடணும்."

"வெயில் காலத்துலதான அதிகம்?"

"ஆமா. பஸ்ல ஜன்னல் பக்கம் உக்காந்து போனாக்கூட வருது. கண்ணாடி மூடியிருந்தாலும் வருது. பஸ்ல ஏது செடி, அதான் எனக்கும் வெளங்கல."

அக்கா பாட்டிலைத் தாளில் இறுகச் சுற்றினாள். "எனக்கு வெளங்குதும்மா," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினாள். ஐம்பத்திரண்டு வயதில் அவள் ஓடியதை அன்று பார்த்தவர்கள் ஒரு வாரம் பேசினார்கள்.

லேபின் மேல் அலமாரியில், யாரும் தொடாத மூலையில், ஒரு பழுப்பு பாட்டிலில் போர்ஃபிரியாவைக் கண்டுபிடிக்கிற ரசாயனம் இருந்தது. எப்போதோ ஒரு முறை தேவைப்படும் என்று வருடா வருடம் புதுசாகக் கலந்து வைத்துவிட்டு, வருடா வருடம் கீழே ஊற்றுவாள். வீணாய்ப் போன வேலை என்று ஸ்டோர்கீப்பர் கேலி பண்ணுவார். அக்கா ஒரு டியூபில் சிறுநீரும் அதே அளவு ரசாயனமும் ஊற்றினாள். குலுக்கினாள்.

செம்பருத்திப் பூ மாதிரி சிவந்தது.

ஆனால் வேறு ஒரு சாதாரணப் பொருளும் இதே நிறம் காட்டி ஏமாற்றும். அதனால் விதிப்படி சோடியம் அசிட்டேட் சேர்த்து, குளோரோஃபார்ம் ஊற்றி, இன்னொரு முறை குலுக்கி நிறுத்தினாள். குளோரோஃபார்ம் கனமானது, கீழே இறங்கிவிடும். ஏமாற்றுக்காரன் என்றால் நிறமும் அதோடு கீழே போய்விடும். தேடுகிற ஆள் என்றால் மேலேயே நிற்கும். அக்கா டியூபைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். கீழே தண்ணீர் மாதிரி தெளிவு. மேலே அவ்வளவு சிவப்பும் அப்படியே நின்றது. எட்டுப் படிகளில் இரண்டாவதில் பிறக்கிற பொருள் அது. சிறுநீரில் இவ்வளவு குவிந்து கிடக்கிறது.

பன்னிரண்டு ஐம்பதுக்கு அவள் டியூபும் கையுமாக மாடிக்கு வந்தபோது கண்டக்டரைத் தள்ளுவண்டியில் ஏற்றி, ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். வண்டி மட்டும் நகரவில்லை. நாத்தனார் குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னுமா?" என்றார் சர்ஜன் கதவருகே நின்றபடி.

"ஏதோ மாட்டிக்கிச்சு சார். இதோ."

மாட்டிக்கொண்டிருந்தது அவளுடைய சொந்தச் செருப்பு. கால் விரலால் அதைச் சக்கரத்துக்கடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

அக்கா டியூபை சர்ஜன் முகத்துக்கு நேராக நீட்டினாள். "சார், போர்ஃபிரியா. இந்தம்மாவ வெட்டாதீங்க."

சர்ஜன் நல்லவர்தான். ஆனால் கையுறை போட்ட பிறகு யாராவது நிறுத்தச் சொன்னால் எந்த சர்ஜனுக்கும் கோபம் வரும். "நாலு நாளா ஒரு யூரின் ரிப்போர்ட் குடுக்க முடியல. இப்ப வந்து டயக்னோசிஸ் சொல்றீங்களா?"

"நாலு நாளும் தப்பு என்னோடதுதான் சார். அத எழுதியே குடுக்கறேன். டெஸ்ட் தப்பில்ல."

மயக்க மருந்து டாக்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அந்த வார்த்தை அவர் காதில் விழுந்துவிட்டது. அவர் கையில் நிரப்பி வைத்த ஊசி ஒன்று இருந்தது. அதைப் பார்த்தார், டியூபைப் பார்த்தார், ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "இது தயோபென்டோன். போர்ஃபிரியான்னா இதத் தொடவே கூடாது," என்றார்.

சர்ஜன் டியூபை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "படிச்சிருக்கேன். பாத்ததில்ல," என்று ஒப்புக்கொண்டார். "அப்ப வயிறு ஏன் வலிக்குது? வயித்துல ஒண்ணுமே இல்லையே?"

அக்கா வாய் திறப்பதற்குள் வண்டியில் கிடந்த கண்டக்டர் கண்ணைத் திறந்தாள். "எனக்கும் சொல்லுங்க," என்றாள். "நாலு நாளா நடிக்கறேன்னு சொல்றாங்க. ஏன் வலிக்குதுன்னு யாராவது சொல்லுங்க."

அக்கா அவளைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"வளையல் பட்டறை ஒண்ணு இருக்குன்னு வெச்சுக்கம்மா. எட்டுப் பேர் வரிசையா வேல பாக்கறாங்க. மொதல் ஆள் ரெண்டு சாமானச் சேத்துத் துண்டு பண்றான். ரெண்டாவது ஆள் ரெண்டு ரெண்டு துண்டா ஒட்டறான். மூணாவது ஆள் அப்படி ஒட்டினதுல நாலை நீளமா கோக்கறான். நாலாவது ஆள் வளைச்சு வளையமாக்கறான். அஞ்சு, ஆறு, ஏழு மூணு பேரும் செதுக்கி மெருகு போடறாங்க. எட்டாவது ஆள் நடுவுல இரும்ப வெச்சுப் பதிக்கறான். அதான் ஹீம். ரத்தத்துக்கு செகப்பு அதாலதான். கல்லீரலும் மருந்த, கழிவ கரைக்கறதுக்கு அதத்தான் கேக்கும்."

"சரி."

"உங்க பட்டறையில ஒருத்தன் பாதி வேகத்துலதான் வேல பாக்கறான். பொறவியிலேயே அப்படி. மத்த நாள்ல பாதி வேகமே போதும், யாருக்கும் தெரியாது. நீங்க சமீபத்துல சாப்பிடாம கெடந்தீங்களா?"

கண்டக்டர், வண்டியோடு கூடவே வந்திருந்த அத்தையைப் பார்த்தாள். அத்தை சொன்னாள். "டிப்போவுல எடை கொறைக்கற போட்டி வெச்சாங்கம்மா. மூணு வாரமா வெள்ளரிக்காயும் சுடுதண்ணியும்தான். மொதல் பரிசு எடை பாக்கற மெஷினு."

மயக்க மருந்து டாக்டர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"அதான்," என்றாள் அக்கா. "பட்டினி கெடந்தா கல்லீரல் மொதல் ஆள்கிட்ட போய், வேகமா பண்ணு வேகமா பண்ணுன்னு வெரட்டும். அவன் அள்ளி அள்ளித் தள்ளுவான். பின்னால ஒருத்தன் மந்தம். அப்ப நடுவுல துண்டு துண்டா குவியும். வளையமாகாத அந்தத் துண்டுங்க ரத்தத்துல போய் நரம்பத் தொந்தரவு பண்ணும். குடல ஆட்டி வைக்கறது நரம்புதான. அது கெட்டா வலி உயிர் போகும், குடல் நகராது, இதயம் படபடன்னு அடிக்கும். அமுக்கிப் பாத்தா வயிறு மெத்துனு இருக்கும். ஏன்னா நோவு வயித்துல இல்ல, வயித்துக்குப் போற நரம்புல. நீங்க நடிக்கலம்மா."

கண்டக்டரின் கண்ணிலிருந்து தண்ணீர் காதோரம் வழிந்தது. நாத்தனார் துடைத்துவிட்டாள்.

"அத்தை கையக் காட்டுங்க," என்று அக்கா சொன்னதும் அத்தை கையுறையைக் கழற்றினாள். "அந்த மந்தமான ஆள் ஏழாவது ஆளா இருக்கணும்னு நெனைக்கறேன் சார். அவனுக்கு முன்னால முழு வளையமே குவிஞ்சு தேங்கிடும். வளையத்துக்கு ஒரு குணம், தோலுக்கு வந்து வெளிச்சம் பட்டா அந்த வெளிச்சத்தக் குடிச்சுத் தோலப் பொசுக்கும். கண்ணாடி தடுக்காது. அதான் அத்தைக்குக் கொப்புளம். அந்தக் குவியல் மூணாவது ஆளோட கையையும் கட்டிப்போடும். பட்டினி சேந்தா அவன்கிட்டயும் துண்டு தேங்கும். அதான் இவங்களுக்கு வலி. ஒரே பட்டறை, ஒரே மந்தம். ஒருத்தருக்குத் தோல், ஒருத்தருக்கு வயிறு."

"எனக்கு ஏன் வயிறு வலிக்கல?" என்றாள் அத்தை.

"எல்லாருக்கும் எல்லாம் வராதும்மா. நீங்க பட்டினி கெடந்ததுண்டா?"

"நான் ஏன் கெடக்கணும்?" என்றாள் அத்தை, அடிபட்ட மாதிரி.

சர்ஜன் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டார். பிறகு எல்லாம் விறுவிறுவென்று நடந்தது. வலிக்கு மார்ஃபின். ரத்தக்குழாய் வழியாகக் குளுக்கோஸ், சோடியம் இன்னும் குறைந்துவிடாதபடி உப்பும் பார்த்துப் பார்த்து. சர்க்கரை சேர்ந்தால் கல்லீரல் முதல் ஆளை விரட்டுவதைக் கொஞ்சம் நிறுத்தும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, ஹீமையே மருந்தாக வரவழைத்தார்கள். மறுநாள் காலை குளிர்பெட்டியில் வந்து சேர்ந்தது. ஊசியாக ஏற்றினால், சரக்கு வந்துவிட்டது, போதும் என்று முதல் ஆள் கையை மடக்கிக்கொள்வான். அத்தை, மருமகள் இரண்டு பேர் ரத்தத்தையும் கறுப்புத் தாளில் சுற்றி அங்கேயே அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து வந்த பதிலில் ஏழாவது ஆள்தான் குற்றவாளி என்று இருந்தது. பரீட்சையில் ஏழாவதை ஆறாவதாக எழுதிக் கோட்டை விட்டவள் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தாள்.

ஆனால் அது பிந்திய கதை. அந்த வியாழக்கிழமை மாலையே அக்கா ஒரு காரியம் செய்தாள். ஜன்னலோரத் தட்டை எடுத்து உள்ளறைக்கு மாற்றினாள். திருப்பி அனுப்பிய மூன்று படிவங்களின் லேப் நகல்களையும் தேடி எடுத்தாள். மூன்றிலும் தன் ஸ்டாம்பின் மேலேயே எழுதினாள்: மாதிரி சரியானது. பரிசோதிக்காமல் திருப்பியது லேபின் தவறு. கையெழுத்துப் போட்டு வார்டுக்கு அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை வார்டிலிருந்து ஒரு மாதிரிப் பை வந்தது. சீல் வைத்து, லேபிள் ஒட்டி, தேதி போட்டு, வயது உட்பட எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது. கோணல் இல்லாத கையெழுத்து. உள்ளே குக்கர் கேஸ்கட் இருந்தது. குறிப்புக் கட்டத்தில்: அடுப்புக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. பரிசோதிக்காமல் சண்டை போட்டது வார்டின் தவறு. அக்கா அதைத் திருப்பி அனுப்பவில்லை.

அடுத்த திங்கட்கிழமை கண்டக்டர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். வலி மடங்கிவிட்டது. டிப்போவிலிருந்து ஆட்கள் வந்து முதல் பரிசை மேசை மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். குளுக்கோஸில் நாலு கிலோ ஏறியிருந்ததை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. அக்கா கடைசி மாதிரியைத் தானே வாங்கிப் போக வந்தாள். அலுமினியத் தாளும் கொண்டுவந்திருந்தாள்.

வாங்கிக்கொண்ட பிறகும் போகாமல் நின்றாள். நாலு நாளாக மனதில் கிடந்ததைச் சொல்லாமல் போக முடியவில்லை. "ஒங்க வலிய மூணு தடவ நான்தான்மா திருப்பி அனுப்பினேன். திங்கக்கெழமையே ஒரு சொட்டு தொட்டுப் பாத்திருந்தா இவ்வளவு பட்டிருக்க மாட்டீங்க. மன்னிச்சுக்கங்க."

கண்டக்டர் கஞ்சிக் கிண்ணத்தை வைத்தாள்.

"எல்லாரும் எனக்கு ஒண்ணுமே இல்லன்னாங்க," என்றாள். "நீங்க ஒருத்தர்தான் அது செவப்பா இருக்குன்னு மூணு தடவையும் எழுதினீங்க."

அக்கா அலுமினியத் தாளின் ஓரத்தைத் திரும்பத் திரும்ப மடித்தாள்.

"அந்த டியூபு இருக்கா? செம்பருத்தி மாதிரி செவந்துச்சுன்னு சிஸ்டர் சொன்னாங்களே. வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா? அவருகிட்ட காட்டணும்."

லேபிலிருந்து எதுவும் வெளியே போகக்கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியதே அக்காதான். தவிர அந்த நிறம் ஒரு நாள்கூட நிற்காது, வெளுத்துப் பழுப்பாகிவிடும். அதை அவளிடம் சொன்னாள். கண்டக்டர் தலையாட்டினாள். முகம் மட்டும் கொஞ்சம் வாடிப்போனது.

அக்கா லேபுக்குப் போய் ஒரு புதுப் படிவம் எடுத்தாள். நோயின் பெயர், சோதனையின் பெயர், முடிவு, எல்லாம் எழுதினாள். குறிப்புக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மாற்றிக்கொண்டு பெரிய எழுத்தில் எழுதினாள்: இவர் சொன்ன வலி உண்மையானது. லேபில் கண்ணால் பார்த்தோம். பிறகு இழுப்பறையைத் திறந்து, அடியில் கிடந்த ஆஸ்பத்திரி முத்திரையை எடுத்தாள். அது உபயோகமில்லாமல் காய்ந்து கிடந்தது. மை தடவி ஓங்கிக் குத்தினாள். மேசை அதிர்ந்தது.

படிவத்தை அவளே மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கண்டக்டர் அதை ஒரு முறை படித்துவிட்டு, நாலாக மடித்து, டிக்கெட் பையின் உள்ளறையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.